அம்மாவின் மாத்திரைச் சீட்டு

அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையால் வரும் வீக்கம்தான் என்று சொல்லி டாக்டர் அளவைப் பாதியாகக் குறைத்தார். பத்து நாள் கழித்தும் வீக்கம் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தால், அம்மா இன்னமும் பழைய அட்டையிலிருந்தே கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“சீட்டுல போட்டிருக்கேம்மா, பாக்கலையா?”

“பாத்தேனே. காலைல சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஒண்ணுதானடா போடுறேன்.”

அவள் கைபேசியில் திறந்திருந்த அந்தப் பக்கத்தை வடிவமைத்தவன் நான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அந்த வரி இப்படி இருந்தது: “காலை உணவுக்குப் பின் Amlodipine 2.5 mg ஒரு மாத்திரை”. அம்மா அதில் தமிழை மட்டும் படித்திருக்கிறாள். நடுவில் இருந்த ஆங்கிலத்தை, சாலையில் பள்ளத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிவிட்டாள்.

எழுத்துரு சரியாக இருந்திருந்தால் அவள் படித்திருப்பாள் என்று நான் சாதிக்கமாட்டேன். அளவு மாறியதைத் தனி வரியில் சொல்லியிருக்க வேண்டும். அதை முதலில் செய்தேன். ஆனால் அன்றிரவு அந்த வரியைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபோது, தமிழ் கறுப்புப் பட்டையாகவும் ஆங்கிலம் சாம்பல் கோடாகவும் தெரிந்தன. முக்கியமான விஷயம் சாம்பலில் இருந்தது.

ஏன் அப்படி? இரண்டுக்கும் நான் கொடுத்திருந்தது ஒரே அளவுதான், 16 பிக்சல். அங்கேதான் தப்பு. எழுத்துருவின் ‘அளவு’ என்பது எழுத்தின் உயரம் இல்லை. எழுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் உயரம். பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது வடிவமைத்தவரின் முடிவு. பைத்தானில் நாலு வரி போதும், அளந்துவிடலாம்:

```python
from fontTools.ttLib import TTFont
f = TTFont("tamil.ttf")
g = f["glyf"][f.getBestCmap()[0x0BAA]]
print(g.yMax / f["head"].unitsPerEm)
```

0x0BAA என்பது ‘ப’. மேலே கொம்பும் கீழே வாலும் இல்லாத, அடிக்கோட்டில் நேராக உட்காரும் எழுத்து. அளவுகோலாக அதைவிட நல்லது கிடையாது. என் தமிழ் எழுத்துருவில் விடை 0.66. பக்கத்திலிருந்த லத்தீன் எழுத்துருவில் சின்ன எக்ஸின் உயரம் 0.50, பெரிய எச்சின் உயரம் 0.70. அதாவது 16 பிக்சலில் ‘ப’ பத்தரைப் பிக்சல், சின்ன எழுத்து எட்டுப் பிக்சல். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் எல்லாத் தமிழ் எழுத்தும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து உயரத்துக்கு நிமிர்ந்து நிற்க, பக்கத்தில் ஆங்கிலம் முணுமுணுக்கிறது.

முதலில் எனக்குத் தோன்றியது, ‘ப’வை எக்ஸின் உயரத்துக்கே இறக்கிவிடலாம் என்பது. 0.50ஐ 0.66ஆல் வகுத்தால் 76 சதவீதம். செய்து பார்த்தேன். ஆங்கிலத்தோடு அழகாகப் பொருந்தியது, தமிழைப் படிக்கத்தான் முடியவில்லை. ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ‘ன்’ மேலிருந்த புள்ளி தூசுபோல ஆகிவிட்டது. அதே உயரத்துக்குள் ஆங்கிலத்தைவிட அதிகக் கோடுகளைத் தமிழ் அடுக்குகிறது, அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். உயரம் சமமானால் கண்ணுக்குச் சமமாகிவிடாது.

எனவே ‘ப’வின் தலை சின்ன எக்ஸுக்கும் பெரிய எச்சுக்கும் நடுவில் எங்கோ வரவேண்டும். 90 சதவீதம் வைத்தால் 0.594, கிட்டத்தட்ட சரிபாதி. ஆனால் அம்மாவுக்கு எழுத்தைச் சின்னதாக்குவதா? அங்கேதான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். பக்கத்தின் அளவை 18 பிக்சலாக ஏற்றினால், 90 சதவீதத் தமிழ் 10.7 பிக்சல். பழைய உயரமேதான். சின்ன ஆங்கில எழுத்து மட்டும் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வளர்ந்துவிட்டது. தமிழைக் குறைத்து ஆங்கிலத்துக்கு இடம் கொடுத்தேன் என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவரிடம் இந்த எண்களைத்தான் காட்டினேன்.

உலாவியில் இதற்கு `size-adjust` என்று ஒரு வசதி இருக்கிறது. `font-size-adjust` என்று இன்னொன்றும் உண்டு, பெயர் மயக்கும். அது எக்ஸ் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுவது. தமிழுக்கு ஏது எக்ஸ்? எழுத்துருக் கோப்பில் அந்த இடத்தில் தமிழுக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஓர் எண் இருக்கும், இல்லையென்றால் பூஜ்யம் இருக்கும். அதை நம்பக்கூடாது.

அடுத்தது கனம். சுருக்கினால் உயரம் மட்டுமல்ல, கோட்டின் தடிப்பும் பத்து சதவீதம் குறையும். சாதாரண எழுத்தில் அது எனக்கு நன்மையாகவே முடிந்தது. இரண்டு எழுத்துருவிலும் கோட்டின் தடிப்பு முன்பு ஒன்றாகவே இருந்தது. ஆனால் தமிழில் கோடுகள் நெருக்கம் என்பதால் மொத்தத்தில் கறுப்பாகத் தெரிந்தது. மெலிந்ததும் ஆங்கிலத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. இதைக் கோட்டை அளந்து கண்டுபிடிக்க முடியாது. தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி, பக்கம் பக்கமாக வைத்து `filter: blur(4px)` போட்டால் எழுத்து கரைந்து இரண்டு சாம்பல் கட்டங்கள் மிஞ்சும். எது கறுப்பு என்று குழந்தைகூடச் சொல்லும்.

தடித்த எழுத்தில் கதை வேறு. 700 கனத்தில் ‘ண’, ‘ஞ’ இரண்டின் உள்வெளியும் மையால் அடைபட்டன. மங்கலாக்கிப் பார்த்தால் தமிழ்க் கட்டம் அப்பட்டமான கறுப்பு. ஆகவே பக்கம் 700 கேட்கும்போது தமிழுக்கு மட்டும் 600 கனக் கோப்பைக் கொடுத்தேன்:

```css
@font-face {
  font-family: "Kalavai";
  src: url("tamil-600.woff2");
  font-weight: 700;
  size-adjust: 90%;
  unicode-range: U+0B80-0BFF, U+200C-200D, U+25CC;
}
```

கலவை என்பது நான் வைத்த பெயர். அதே பெயரில் லத்தீன் கோப்புக்கும் இப்படி ஒரு துண்டு, சதவீதம் இல்லாமல்.

கடைசி வரியில் உள்ள வீச்சுதான் என்னை வெட்கப்பட வைத்தது. பழைய பக்கத்தில் தமிழ் எழுத்துருவை முதலில் எழுதியிருந்தேன். அதில் ஆங்கில எழுத்துகள் இல்லை, ஆனால் எண்களும் நிறுத்தற்குறிகளும் இருந்தன. உலாவி ஒவ்வொரு எழுத்தாகத் தேடும். முதல் கோப்பில் கிடைத்தால் அங்கேயே எடுத்துக்கொள்ளும். அதனால் “2.5” தமிழ்க் கோப்பிலிருந்தும், அதை ஒட்டிய “mg” வேறொரு கோப்பிலிருந்தும் வந்திருக்கின்றன. ஓர் அளவு, இரண்டு உடை. ஒரு வருஷமாகத் தினமும் பார்த்த பக்கம், என் கண்ணில் படவேயில்லை. இப்போது வீச்சுக்குள் தமிழ் மட்டும்தான். எண்ணும் தசமப் புள்ளியும் “mg”யும் ஒரே கையால் எழுதியதுபோல இருக்கின்றன.

`size-adjust` எல்லாக் கைபேசியிலும் வேலை செய்யாது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இலேயே ஏற்றுக்கொண்டன, சஃபாரி 2023இல்தான். பழைய ஐபோனில் தமிழ் முழு அளவில், சுமார் 12 பிக்சலில் தெரியும். பொருத்தம் போய்விடும், ஆனால் எழுத்து பெரிதாகத்தான் ஆகும். தவறினால் அந்தப் பக்கமாகத் தவறட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிய பக்கத்தை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னத்த மாத்தின? அப்படியேதான இருக்கு.”

“படிச்சுக் காட்டும்மா.”

“காலை உணவுக்குப் பின் அம்லோ… அம்லோடிபின், ரெண்டு புள்ளி அஞ்சு.” நிறுத்தினாள். “இந்த மில்லிகிராம இங்கிலீஷ்ல எதுக்குடா போடுற? தமிழ்லயே போட்டா என்ன?”