அம்மா எங்கே?

கல்லூரிக் குழந்தைகள் காப்பகத்துக்காக நான் எழுதிய முதல் பொம்மலாட்டம் இருபது நிமிடம் ஓடியது. அதில் கதை இருந்தது, திருப்பம் இருந்தது. நாலாவது நிமிடத்தில் பார்வையாளர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். எல்லோருக்கும் இரண்டு வயதுதான்.

பிறகு எட்டு நிமிடத்துக்குச் சுருக்கினேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பாட்டு. நடுவில் ஐந்து துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். குறுக்கே கட்டிய சேலைக்குப் பின்னாலிருந்து காலுறையில் தைத்த காக்கா மெதுவாக எழும். திடீரென்று எழுந்தால் யாராவது அழுவார்கள். காக்கா இரண்டு அடி பாடும், ஒரு கேள்வி கேட்கும், காத்திருக்கும். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். முதல் தடவை குழந்தைகள் பார்ப்பார்கள், இரண்டாம் தடவை கை அசையும், மூன்றாம் தடவை சொல் வரும். அதனால் மூன்று தடவையும் பாட்டு அப்படியே இருக்க வேண்டும். மாறுவதென்றால் ஒரு சொல் மட்டும்.

அந்த ஒரு சொல்லில்தான் சறுக்கினேன்.

“அம்மா எங்கே? அடுப்படியில். அப்பா எங்கே? ஆபீஸில்.” மோனை தானாக விழுந்தது. கவிஞர் காது மகிழ்ந்தது. எழுதிய கை யோசிக்கவில்லை. இரண்டாம் வாரம் காக்கா கேட்டு முடிக்கும் முன்பே ஒரு சிறுமி “அடுப்படி!” என்று கத்தினாள். அவளுடைய அம்மா அந்த நேரம் எங்கள் துறை மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். காலையில் அவளை இங்கே விட்டுப் போனவரே அவர்தான்.

பிள்ளைத்தமிழை வகுப்பில் நடத்துகிறவள் நான். முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரியும்: ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைக்கவும் பறை கொட்டவும் தேர் உருட்டவும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். நான் ஏழு பருவம்கூடக் காத்திருக்கவில்லை.

சொல்லை மாற்றினேன். “அம்மா எங்கே? ஆட்டோவில்.” குழந்தைகள் ஏற்கவில்லை. பழைய மெட்டு பழைய சொல்லையே இழுத்துவந்தது. காக்கா தப்பாகச் சொல்வதாகச் சிரித்தார்கள். திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்ததை அதே மெட்டில் திருத்த முடியாது. மெட்டையே விட்டேன். காக்காவுக்குப் பதில் அணில் வந்தது. கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் அடியை எடுத்துவிட்டேன். அணில் கேட்கும், ஐந்து எண்ணும் வரை காத்திருக்கும், எந்தப் பதில் வந்தாலும் அதையே பாடும்.

மூன்றாம் தடவை கேட்டபோது அந்தச் சிறுமி கையை நீட்டி, “படில” என்றாள்.

அணில் அதையே பாடியது.