வேலையை விடலாமா, நின்னு பார்க்கலாமா?

1/ ஆரணி பக்கம் இருந்து வந்த ஒரு பேஷன்ட். பட்டுச் சேலைக் கடையில கணக்கு எழுதுறவங்க. அனுமதி வாங்கித்தான் எழுதுறேன், அடையாளம் மாத்தியிருக்கேன். மேனேஜர் தினமும் எல்லார் முன்னாடியும் திட்டுறார். தூக்கம் இல்லை, தலைவலி. பிபி 150/100. "மேடம், நாளைக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்துடவா?"

2/ முதல்ல உடம்பு. ஒரு தடவை பிபி ஏறினா அது நோய்னு சொல்ல முடியாது. ஒரு வாரம் காலை, மாலை எழுதச் சொன்னேன். வேலை நாள்ல 150க்கு மேல, லீவு நாள்ல 128/82. தேதியோட ஓபி சீட்டுல ஏத்தினேன். "மேனேஜர்தான் காரணம்"னு நான் சான்று தர முடியாது. ஆனா "வேலையிடத்துல தொந்தரவு இருப்பதாகச் சொல்கிறார்"னு பதிவு செய்ய முடியும். அதுக்கும் மதிப்பு இருக்கு.

3/ அடுத்து காசு. சேமிப்பு 45,000. வீட்டுச் செலவு மாசம் 12,000. நாலு மாசம் கூட முழுசா ஓடாது. அப்பா தறி நெய்யுறவர், ஏற்கெனவே வாங்கின முன்பணம் கழிஞ்சிட்டு இருக்கு. அங்க கேட்க முடியாது.

4/ வேலையில சேர்ந்து 4 வருஷம் 5 மாசம். 10 பேராவது வேலை செய்யுற இடத்துல 5 வருஷம் முடிச்சா பணிக்கொடை உண்டு. கணக்கு: கடைசி சம்பளம் × 15 ÷ 26 × வருஷம். 18,000 சம்பளத்துக்கு சுமார் 51,900. இன்னும் ஏழு மாசத்தோட விலை இது.

5/ இப்ப ஆதாரம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்துல யார் இருந்தாங்க: அன்னிக்கே நோட்டுல எழுதணும். வாட்ஸ்அப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அழிச்சிடாதீங்க, போன்ல அசல் இருக்கட்டும். நியமனக் கடிதம், சம்பள ரசீது நகல் வீட்டுல வைங்க. கடையோட கணக்கு ஏடுகளை மட்டும் எடுத்துட்டு வராதீங்க. பழி உங்க மேலயே திரும்பும்.

6/ திட்டுறதுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்லை. அதனால முதல் சண்டை, முதலாளிக்கு எழுத்துல ஒரு புகார். பாலியல் தொந்தரவா இருந்தா 2013 சட்டம் இருக்கு. மூணு மாசத்துக்குள்ள உள்புகார் குழுகிட்ட கொடுக்கணும். 10 பேருக்குக் குறைவான இடம்னா மாவட்ட உள்ளூர் குழு.

7/ விடுறதா இருந்தாலும் "சொந்தக் காரணம்"னு எழுதிக் கொடுத்துடாதீங்க. பின்னாடி துரத்தினாங்கன்னு சொல்ல அந்த ஒரு வரியே தடையா நிக்கும். நடந்ததை ரெண்டு வரியில எழுதி, நகல்ல கையெழுத்து வாங்குங்க. அனுபவச் சான்றையும் அப்பவே கேளுங்க, அடுத்த வேலைக்கு அதுதான் முதல்ல கேட்பாங்க.

8/ இந்தக் கணக்கு எல்லாத்துக்கும் ஒரு எல்லை உண்டு. மருந்து போட்டும் பிபி இறங்கலைன்னாலோ, சாகலாம்னு நினைப்பு வந்தாலோ, பணிக்கொடையை மறந்துட்டு வெளிய வந்துடணும். அந்த நினைப்பு வந்தா 14416, டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

9/ அவங்க புகார் கொடுத்தாங்க. மேனேஜர் மாறலை, ஆனா எல்லார் முன்னாடியும் கத்துறது நின்னுச்சு. ரெண்டு இடத்துல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. பணிக்கொடைக்கு இன்னும் மூணு மாசம். பிபி இப்ப 134/86.