தனித்திருத்தலும் தனிமையும்

தனித்து வாழ்தல் வேறு. தனிமையால் வாடுதல் வேறு. முன்னையதை அயலார் கண்ணாற் காணலாம். பின்னையது கேட்டாலன்றித் தெரியாது. பெரிய வீட்டில் ஒருவராக இருந்தும் நிறைவோடு வாழ்வோர் உளர். மக்களும் பேரரும் சூழ்ந்திருந்தும் ஏங்குவோரும் உளர். ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையே அவரே உணரும் குறையைத்தான் ஆய்வாளர் தனிமை என்பர். எனவே அதனை அளக்க விரும்புவோர் அவரையே கேட்க வேண்டும்.

வடமராட்சியில் எமது அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வரலாறு இதனை எமக்கு நன்கு உணர்த்திற்று. வயது 74. கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள். ஆண்மக்கள் இருவரும் கனடாவில், மகள் இலண்டனில். ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் பிள்ளைகளின் முகங் காண்கிறார். பணத்துக்குக் குறைவில்லை. மாதந்தோறும் இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்குச் செல்லும்போது நாமும் துணையாகச் செல்வதுண்டு. “சுகமாயிருக்கிறீங்களோ, ரீச்சர்?” என்று கேட்டால், “எனக்கென்ன குறை, பிள்ளை?” என்பதே என்றும் அவர் மறுமொழி.

ஒருநாள் அங்குள்ள தாதி எம்மை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவரிடம் தனியே மூன்று கேள்விகள் கேட்டார். பின்னர் ஆசிரியையே அவற்றை எமக்குச் சொன்னார். பேச்சுத்துணை இல்லையே என்று எத்தனை தடவை தோன்றுகிறது? மற்றவர்களின் காரியங்களில் நாம் விடுபட்டுப் போகிறோம் என்று எத்தனை தடவை தோன்றுகிறது? எல்லாரிடமிருந்தும் பிரிந்திருப்பதாக எத்தனை தடவை தோன்றுகிறது? ‘அரிதாக’ என்றால் 1, ‘சிலவேளை’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 3. கூட்டுத்தொகை 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தனிமை உண்டெனக் கொள்வது வழக்கம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1978இல் ஆக்கிய நீண்ட வினாக்கொத்தின் சுருக்கமாக, 2004இல் வெளிவந்தவை இம்மூன்று வினாக்களும். ஆசிரியைக்கு வந்த தொகை 7.

கேள்விகளில் ‘தனிமை’ என்ற சொல் இல்லாமையைக் கவனிக்க வேண்டும். “தனிமையாயிருக்கிறீர்களா?” என்று நேரே கேட்டால், பிள்ளைகளைக் குறைசொன்னதாகும் என அஞ்சி முதியோர் மறுத்துவிடுவர். உறவினர் பக்கத்திலிருந்தாலும் அவ்வாறே. தமிழில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இரண்டாம் வினாவை ‘ஒதுக்கி வைத்தல்’ என்று பெயர்த்தால், ஊர்விலக்கு என்ற பொருள் தோன்றிக் கேட்பவர் துணுக்குறுவார். ‘விடுபட்டுப்போதல்’ என்றதனாலேயே உண்மையான விடை கிடைத்தது.

ஆயினும் 7 என்னும் எண் நோவுண்டென்று சொல்லுமேயன்றி, எவ்விடத்தில் நோகிறது என்று சொல்லாது. அதற்கெனத் தாதி ‘லுப்பன்’ அளவையைப் பயன்படுத்தினார். உறவினரைப் பற்றி மூன்று வினாக்கள், நண்பரைப் பற்றி மூன்று வினாக்கள்: மாதம் ஒரு முறையேனும் காண்பவர் அல்லது பேசுபவர் எத்தனைபேர், மனம்விட்டுப் பேசக்கூடியவர் எத்தனைபேர், உதவிக்கு அழைக்கக்கூடியவர் எத்தனைபேர். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 30இல் 12க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். ஆசிரியைக்கு உறவினர் பகுதியில் 7, நண்பர் பகுதியில் 2, ஆகமொத்தம் 9. பிள்ளைகளை இன்னும் அடிக்கடி பேசச் சொல்வதால் இக்குறை தீராது என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று. குறை ஊருக்குள்ளேயே இருந்தது.

இனித் திட்டம் வகுக்கலாமே என்று நாம் எண்ணினோம். தாதியோ முதலில் மனச்சோர்வு உண்டோ என வினவினார். நித்திரையையும் பசியையும் விசாரித்தார். சோர்வு நோயாக இருப்பின் அதற்குரிய வைத்தியம் வேண்டும். சங்கத்துக்கு அனுப்புவது போதாது. அது இல்லை. பின்னர் வைத்தியர் காதைச் சோதித்தார். இரு காதுகளிலும் அழுக்கு இறுகிக் கிடந்தது. பலர் கூடிப் பேசுமிடத்தில் ஒன்றும் விளங்காமையாலேயே அவர் இரண்டாண்டாகக் கோயிற் பிரசங்கத்துக்குப் போகாதிருந்தார். துளிமருந்திட்டு இளக்கி அதனை எடுத்தனர்.

இதன்பின் தொடங்கியதே ‘சமூகப் பரிந்துரை’. மாத்திரைக்குத் துண்டு எழுதுவதுபோல, மனிதரோடு கூடும் ஓரிடத்துக்கு வழிசெய்வது இது. இங்கிலாந்தில் 2019 முதல் குடும்ப வைத்தியரோடு சேர்ந்து பணியாற்ற இதற்கென்றே இணைப்பாளர்களை அரச சுகாதார சேவை பரவலாக அமர்த்தி வருகிறது. இணைப்பாளர் “உமக்கு என்ன நோய்?” என்று கேளார், “உமக்கு எது முக்கியம்?” என்றே கேட்பார். எமது கிளினிக்கில் அத்தகைய பதவி இல்லை. ஊர்ப் பெண்ணொருவர் அப்பணியை மனமுவந்து ஏற்றார்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. ஆசிரியையை முதியோர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தனர். வரிசையாக இட்ட கதிரையில் இருந்து பேச்சுக் கேட்டார், தேநீர் அருந்தினார், திரும்பினார். மறுமுறை போகவில்லை. “அங்கே நானும் ஒரு கதிரை, பிள்ளை” என்றார். கூட்டத்தில் இருத்தல் வேறு, கூட்டத்துக்கு வேண்டியவராய் இருத்தல் வேறென்பதை இதனினும் சுருக்கமாக யார் சொல்ல வல்லார்?

இரண்டாம் முறை அவருடைய விருப்பத்தை ஒருமணி நேரம் இருந்து கேட்டபின் திட்டம் எழுதப்பட்டது. இடம் ஒன்று: சனசமூக நிலைய வாசிகசாலை. நாள் ஒன்று: புதன் பின்னேரம். வேலை ஒன்று: ஐந்து சிறுவருக்கு வாசிப்புப் பழக்குதல். கூட்டிச் செல்பவர் ஒருவர்: அவ்வூர்ப் பெண், முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும். மீளப் பார்க்கும் நாளும் குறிக்கப்பட்டது: பன்னிரண்டாம் வாரம். இந்த ஐந்தில் எது விடுபட்டாலும் திட்டம் வெறுங் காகிதமாகும். இடத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியே போகச் சொல்வதே பெரும்பாலும் நடக்கும் தவறு. முதல்நாட் படலையைத் தாண்டுவதுதான் அவர்களுக்குக் கடினம்.

இன்னொன்றும் செய்யவேண்டியிருந்தது. அயலவர் தம்மைப் பாரமாக எண்ணியே வருவதில்லை என்று ஆசிரியை நம்பியிருந்தார். நெடுநாள் தனிமையுற்றோர் பிறர் செயலுக்குப் பாதகமான பொருளையே முதலிற் கொள்வர். அந்த எண்ணத்தைத் திருத்த முயன்ற முறைகள், வெறுமனே கூடுதற்கு வாய்ப்பளித்த முறைகளிலும் கூடிய பயன் தந்தன என 2011இல் பல ஆய்வுகளை ஒப்பிட்டோர் கண்டனர். ஆகவே அடுத்த வீட்டாரையே கேட்டுப் பார்க்கும்படி அப்பெண் தூண்டினார். “பின்னேரங்களில் பிள்ளைகளோடு ரெலிபோனில் பேசுவீங்கள், குழப்பக்கூடாதெண்டு வாறேல்லை, ரீச்சர்” என்றனர் அவர்கள்.

பன்னிரண்டாம் வாரம் அதே மூன்று வினாக்களும் கேட்கப்பட்டன. தொகை 7இலிருந்து 5 ஆயிற்று. இடையே இரண்டு புதன்கிழமைகள் மழையால் தவறின. ஒருவரின் கணக்கைக் கொண்டு முறை முழுவதையும் மெச்சுதல் தகாது. சமூகப் பரிந்துரையின் பயன் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதில் ஆய்வு முடிவுகள் இன்னும் ஒத்து வரவில்லை.

அந்த 5இல் எஞ்சியிருப்பது எது என்பதையும் நாம் அறிவோம். பேச்சுத்துணை பற்றிய முதல் வினாவுக்கு ஆசிரியை இன்றும் ‘அடிக்கடி’ என்றே விடையளிக்கிறார். நண்பர் குறைவால் வரும் தனிமைக்கு வாசிகசாலை மருந்தாகலாம். நாற்பதாண்டு உடன் வாழ்ந்தவர் இல்லாத வெறுமைக்கு அது மருந்தன்று. அதனைத் தாதியும் அறிவார். அந்த 3ஐக் குறைக்க அவர் முயலவில்லை. மாதாந்தக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தை அளந்து முடித்தபின், கணவரைப் பற்றி ஆசிரியை பேசுவதற்கென்று ஐந்து நிமிடம் வைத்திருக்கிறார்.