சிவப்பு மையில் எழுதும் பணம்

மண்ணடியில் நான் வேலை கற்ற டிராவல்ஸில் கணக்கு நோட்டு ஒன்றுதான், பேனா இரண்டு. தூதரகத்துக்குப் போய்ச் சேரும் பணத்தை எங்கள் முதலாளி பாய் சிவப்பு மையில் எழுதுவார். எங்கள் உழைப்புக்கான கூலியை நீலத்தில் எழுதுவார். சிவப்பில் எழுதியதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘அமானிதம்’. நம்மை நம்பி ஒப்படைத்தது, நம் கை வழியாகப் போகிறது, நம்முடையது இல்லை. பார்ட்டி பேரம் பேச வந்தால் நீலத்தில் மட்டும்தான் பேசலாம். சிவப்பில் ஒரு ரூபாய் கூட்டவும் கூடாது, குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. இப்போது திருச்சியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலைக் கற்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இந்த இரண்டு மையைத்தான்.

அதை நான் கற்றது ஒரு தப்பில். 2012 வாக்கில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகனைப் பார்க்க ஜெர்மனி போக வந்தார். ‘விசா செலவு’ என்று ஒரே வரி போட்டு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டேன். விசா மறுக்கப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவரிடம், “சார், எம்பசி பணம் திரும்ப வராது” என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் பாஸ்போர்ட் உறைக்குள் இருந்த ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். விசா மையம் கொடுத்தது. அதில் விசா கட்டணம் ஒரு வரி, மையத்தின் சேவைக் கட்டணம் ஒரு வரி. இரண்டையும் கூட்டினாலும் நான் வாங்கியதில் பாதியைத்தான் தொட்டது. மீதிப் பாதி எங்கள் கூலி. அதையும் சேர்த்து எம்பசி தலையில் கட்டியிருந்தேன்.

பாய் சத்தம் போடவில்லை. மறுப்புக் கடிதத்தில் காரணம் எது என்று படிக்கச் சொன்னார். பயண நோக்கத்துக்கான ஆதாரம் போதவில்லை என்று குறித்திருந்தது. மகனின் அழைப்புக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்காமல் விட்டது நான். “சிவப்பு போச்சு, அதை நம்மால் மீட்க முடியாது. நீலத்தைத் திருப்பிக் கொடு, வேலை நம்மிடம் கெட்டிருக்கு” என்றார். ஆசிரியர் அடுத்த வருடம் மறுபடியும் எங்களிடமே வந்தார்.

சிவப்பு ஏன் திரும்பாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கட்டணம் விசாவுக்கு விலை இல்லை, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வேலைக்கான கட்டணம். கோப்பைப் பார்த்து ‘இல்லை’ என்று சொன்னாலும் பரிசீலனை நடந்துவிட்டது. நடக்காதபோதுதான் சில இடங்களில் திரும்புகிறது. ஷெங்கன் விதிப்படி, விண்ணப்பம் அடிப்படை நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் ஏற்கவே முடியாது என்று தூதரகம் திருப்பி அனுப்பினால் கட்டணத்தையும் திருப்ப வேண்டும். பிரிட்டனுக்கு ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு, கைரேகை கொடுக்கும் முன்பே வாபஸ் வாங்கினால் பணம் வரும். கைரேகை வைத்தபின் கதவு மூடிவிடும்.

பிரித்தறியும் வழிக்கு வருகிறேன். சிவப்புப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: யாரிடம் போனாலும் தொகை மாறாது. ஷெங்கன் குறுகிய காலப் பயணத்துக்குப் பெரியவர்களுக்கு 90 ஈரோ, 2024 ஜூனிலிருந்து. அதற்கு முன் 80. சிங்கப்பூருக்கு 30 சிங்கப்பூர் டாலர். அந்தந்த நாட்டின் தளத்தில் அந்தந்த நாணயத்தில் போட்டிருக்கும். இரண்டு கடைகளில் விசாரியுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வருவது சிவப்பு, வேறுபடுவது நீலம்.

இரண்டுக்கும் நடுவே விசா மையம் நிற்கிறது. குழப்பமெல்லாம் அங்கேதான். மையத்தின் அடிப்படைக் கட்டணத்திலும் பேரம் கிடையாது, அதுவும் திரும்பாது. ஆனால் ஷெங்கனில் அதற்கு உச்சவரம்பு உண்டு, விசா கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதே கவுண்டரில் விற்கும் பிரீமியம் லவுஞ்ச், எஸ்.எம்.எஸ்., போட்டோகாப்பி எல்லாம் விருப்பம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். விட்டதால் விசா கெடாது.

போன கோடையில் கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போக வேண்டும். வேறொரு ஏஜென்ட் இருவருக்கும் சேர்த்து 52,000 ரூபாய் கேட்டிருக்கிறார். “எல்லாம் எம்பசிக்குத்தான் போகுதுங்கறார், குறைக்க முடியாதாம்” என்றார் அந்த அம்மா. ஒரு தாளை எடுத்து அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். ஈரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விசா கட்டணம் இருவருக்கும் 18,000. மையத்துக்கு உச்சவரம்பு அளவுக்கே போனாலும் 9,000. இன்சூரன்ஸ் அவர்கள் கையில் இருந்த பாலிசிப்படி 7,000. ஆக 34,000. மீதி 18,000 எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள் என்றேன். என்னிடம் கோப்பைக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த ஏஜென்ட் பாதி வேலையை முடித்திருந்தார், அதை நடுவில் பிடுங்குவது தொழில் முறையில்லை.

அவர்கள் போய்க் கேட்டதும் 18,000 பிரிந்தது. லவுஞ்சும் மற்ற விருப்பச் சேவைகளும் 6,000, ஏஜென்ட் சர்வீஸ் 12,000. லவுஞ்ச் வேண்டாம் என்றார்கள், மற்றவையும் போயின. சர்வீஸ் 8,000க்கு இறங்கியது. அதில் பாதியைக் கோப்பு தயாரானதும், மீதியை மையத்தில் கொடுத்த பிறகும் தருவது என்று முடிவானது. மையக் கட்டணம் ரசீதில் உள்ளபடி மட்டும் என்று பேசிக்கொண்டார்கள். ரசீது வந்தபோது 9,000க்கு நன்றாகக் கீழே இருந்தது, மிச்சம் கைக்கு வந்தது.

பேரம் தொகையில் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். படிவம் நிரப்புவது, அப்பாயின்ட்மென்ட் எடுப்பது, கவரிங் லெட்டர், மறுத்தால் மறுபடியும் கோப்புப் போடுவது, இதில் எதெல்லாம் அந்தக் கூலிக்குள் அடக்கம் என்பதையும் பேச வேண்டும். பேச வேண்டிய நேரம் கோப்பு உள்ளே போவதற்கு முன். “விசா வரலைன்னா பணம் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் விட்டுக்கொடுப்பது நீலத்தை மட்டும்தான். அதை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

பில்லைப் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு கைப்பழக்கம் உண்டு. ஜிஎஸ்டி எந்தத் தொகையின் மேல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தூதரகக் கட்டணத்தைப் பார்ட்டியின் சார்பில் வாங்கி, அதே தொகையை அப்படியே கட்டி, பில்லில் தனியாகக் காட்டினால் அதன் மேல் ஏஜென்ட் வரி போட வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜ் மேல்தான் 18 சதவீதம். மொத்தத் தொகையின் மேலேயே 18 சதவீதம் போட்டிருந்தால், இரண்டு மையும் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வரியும் பார்ட்டி தலையில்தான் விழும். சிங்கப்பூர் போல ஏஜென்ட் வழியாகவே போகும் விசாவில் பார்ட்டி எந்தக் கவுண்டரையும் கண்ணால் பார்ப்பதில்லை. அங்கே இரண்டையும் பிரித்துக் காட்டும் இந்த பில்தான் அவர்களுக்குச் சாட்சி.

என் கடையில் சேருகிறவர்களிடம் முதல் மாதம் பாஸ்போர்ட்டைக் கொடுப்பதில்லை. பழைய ரசீதுக் கட்டு ஒன்றையும் இரண்டு பேனாவையும் கொடுத்து வரிவரியாகக் கோடிடச் சொல்வேன். போன மாதம் வந்த பெண் மூன்றாம் நாளே விசா கட்டணத்தையும் சர்வீஸையும் தவறாமல் பிரித்தாள். கூரியர் வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சார், இது கட்டாயமா, அவங்க கேட்டு வாங்கினதா? தெரியாம எப்படிக் கோடு போடறது?” என்றாள். மறுநாளே அவளைக் கோப்பில் உட்கார வைத்தேன்.