ஐந்து பவுனும் திர்ஹத்தின் விலையும்

என் முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. விடுதிக் கட்டணத்திற்காக வைத்தது. வட்டி அசலை நெருங்கியபோது மீட்க வழியில்லாமல், அது ஏலத்தில் போய்விட்டது. அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்வார். ஷார்ஜாவில் மின்பணியாளராக இருக்கும் அண்ணன், 2024 தொடங்கியதும் அந்தச் சங்கிலியைத் திருப்பித் தருவதென்று முடிவெடுத்தான். அங்கே வாங்கிக் கொண்டுவருவதா, பணம் அனுப்பிக் கொல்லங்கோட்டிலேயே வாங்குவதா என்ற கேள்வியில் எட்டு மாதங்கள் போயின. அந்த எட்டு மாதங்களில் நாங்கள் செய்த தவறு பலருக்கும் பொதுவானது என்பதால் இதை எழுதுகிறேன்.

அண்ணனின் வாதம் எளிமையானது. “திர்ஹம் இருபத்து மூன்று ரூபாயைத் தொடட்டும் பாப்பா, அன்றைக்கு அனுப்புகிறேன். அதே காசுக்குக் கூடுதலாகப் பொன் வரும்.” வளைகுடாவில் இருப்பவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும்போது பார்க்கும் கணக்கு அது. வீட்டுக் கடனுக்கோ மருத்துவச் செலவுக்கோ அனுப்பினால் அது சரியான கணக்கும்கூட. தங்கத்திற்கு மட்டும் அது பொருந்தாது. அதை நான் உணரவே பல மாதங்கள் ஆயின.

காரணம் இதுதான். இந்தியா தன் தங்கத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. உலகச் சந்தையில் அதன் விலை டாலரில் இருக்கிறது. கேரளத்தில் தினமும் காலையில் அறிவிக்கப்படும் பவுன் விலை என்பது அந்த டாலர் விலையை ரூபாயாக்கி, சுங்கத் தீர்வையும் சேர்த்த தொகை. திர்ஹமோ 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்ட நாணயம். ஆகவே ரூபாய் சரியும்போது அண்ணனின் திர்ஹத்திற்கு எவ்வளவு ரூபாய் கூடுகிறதோ, அதே விகிதத்தில் ஊரில் பவுன் விலையும் கூடுகிறது. ஒரு கிராம் 6,700 ரூபாயும் ஒரு திர்ஹம் 22.80 ரூபாயுமாக இருக்கும் நாளில் அந்தக் கிராமுக்கு ஏறத்தாழ 294 திர்ஹம் வேண்டும். மற்றவை மாறாமல் ரூபாய் மட்டும் சரிந்து திர்ஹம் 23.94 ஆனால், கிராமும் 7,035 ரூபாயாகிவிடும். வகுத்துப் பாருங்கள், மீண்டும் அதே 294 திர்ஹம்.

ரூபாய்க்காகக் காத்திருந்தவன் உண்மையில் டாலரில் தங்கம் ஏறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அவுன்சு 2,060 டாலர் அளவில் இருந்தது; ஆகஸ்டு இறுதியில் 2,500 டாலர். அதே காலத்தில் திர்ஹம் நகர்ந்தது சில காசுகள் மட்டுமே.

அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையில் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? தீர்வை, வரி, செய்கூலி, பயணிக்கான சலுகை ஆகியவற்றில். 2024 ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கையில் தங்கத்தின் இறக்குமதித் தீர்வை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் கேரளத்தில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது. வளைகுடாத் தங்கம் மலிவு என்ற நம்பிக்கையின் பெரும்பகுதி அந்தத் தீர்வையின் மேல்தான் நின்றிருந்தது.

ஆகஸ்டு இறுதியில் நானும் அண்ணனும் அலைபேசியில் ஒரு கணக்குப் போட்டோம். அன்றைய விலைகளைச் சற்றே முழு எண்ணாக்கித் தருகிறேன். ஐந்து பவுன் என்பது 40 கிராம். (‘பவுன்’ என்ற சொல்லே ஆங்கிலேயரின் ‘பவுண்டு’ நாணயத்திலிருந்து வந்தது. எட்டுக் கிராமுக்கு மிகச் சற்றே குறைந்த அந்த நாணயத்தின் எடையை நாம் எட்டாக்கிக்கொண்டோம்.) அங்கே 22 காரட் கிராமுக்கு 280 திர்ஹம், செய்கூலி கிராமுக்கு 20 திர்ஹம், ஆக 12,000. அதன் மேல் 5 விழுக்காடு வரி. சுற்றுலாப் பயணிக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும், அங்கேயே குடியிருப்பவனுக்குக் கிடைக்காது. மொத்தம் 12,600 திர்ஹம், அதாவது 2,87,280 ரூபாய். ஊரில் 40 கிராம் 2,68,000. செய்கூலி பத்து விழுக்காடு. பிறகு 3 விழுக்காடு சரக்கு சேவை வரி. மொத்தம் 3,03,644 ரூபாய்.

பதினாறாயிரத்துச் சொச்சம் இலாபம் என்று அண்ணன் மகிழ்ந்தான். நான் விமான நிலையத்தை நினைவூட்டினேன். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம் நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்றே எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அன்று நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டு விதி அதோடு நிற்கவில்லை: அந்த நகையின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. செய்கூலியும் வரியும் சேர்த்தால் அந்தத் தொகைக்கு அங்கே ஏழு கிராம் நகைதான் கிடைக்கும். ஒரு பவுன்கூட இல்லை. மீதி 2,37,280 ரூபாய்க்குத் தீர்வை உண்டு. ஆறு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவருக்கான சலுகை விகிதமான 6 விழுக்காடு என்றாலும் அது 14,237 ரூபாய். பதினாறாயிரத்தில் மிஞ்சுவது இரண்டாயிரம்தான்.

“எல்லாரும் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்” என்றான். அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் நகையே பறிமுதலாகலாம். ஒரு சங்கிலியை ஏற்கெனவே ஏலத்தில் இழந்த வீடு இது. இரண்டாயிரம் ரூபாய்க்காக இன்னொன்றைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

அம்மாதான் முடிச்சை அவிழ்த்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “பழையது மாதிரி சாதாரண முறுக்குச் சங்கிலி போதும், பூவேலை எல்லாம் வேண்டாம்” என்றார். அந்த மாதிரிச் சங்கிலிக்குக் கடையில் பேசிப் பார்த்ததில் செய்கூலி ஐந்து விழுக்காட்டுக்கு இறங்கியது. மொத்தம் 2,89,842 ரூபாய். செய்கூலியில் ஐந்து விழுக்காடு குறைந்ததால், வரியும் சேர்த்து, 13,802 ரூபாய் மிஞ்சியது. திர்ஹத்திற்கு இருபது காசு கூடினால் அண்ணன் அனுப்பும் பணத்தில் கூடுவது 2,600 ரூபாய் அளவுதான். அதையும் பவுன் விலை விழுங்கிவிடும். எட்டு மாதங்களாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சிறிய எண்ணை.

பணம் அனுப்பும் நாளில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பரிமாற்ற நிலையம் தரும் விகிதம், செய்தியில் வரும் விகிதத்தைவிடச் சில காசுகள் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து அனுப்பினால் போதும். அதற்கு மேல் நாள் பார்ப்பதில் பயனில்லை. நான் எழுதியவை 2024 ஆகஸ்டின் விகிதங்களும் விதிகளும், அவை மாறும். நீங்கள் கணக்குப் போடும்போது பயண நாளில் நடப்பிலுள்ள விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்வை மீண்டும் உயர்ந்தாலோ சலுகை விரிந்தாலோ விடையும் மாறக்கூடும்.

அண்ணன் செப்டம்பரில் பணம் அனுப்பினான். கடையில் அம்மா சங்கிலியை அணிந்து பார்க்கவில்லை, பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஷார்ஜாவுக்கு ஒளிப்பட அழைப்புப் போடச் சொன்னார். அவன் பார்க்கத்தான் முதலில் போட்டுக்கொண்டார்.