ரத்தம் சிந்தாத ஒரு பேய்க்கதை: கதவுக்கு அந்தப் பக்கம் யார்?

1.
"டாக்டர், பேய்க்கதைன்னா எனக்கு உயிர். ஆனா வெட்டு, குத்து, ரத்தம்னு வந்தா முடியல. எனக்கு ஏத்த மாதிரி ஏதாவது இருக்கா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. இருக்கு. இந்த இழையில ஒரே ஒரு கதையைப் பத்தி மட்டும் பேசுறேன். அது நம்மள எப்படிப் பயமுறுத்துதுன்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம்.

2.
அதுக்கு முன்னாடி ஒரு மருத்துவ விஷயம். ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுறவங்க கோழைங்க இல்ல. மத்த பயங்கள்ல இதயம் வேகமா துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். சிலருக்கு ரத்தத்தைப் பார்த்தா மட்டும், முதல்ல லேசா ஏறின துடிப்பும் அழுத்தமும் சட்டுனு கீழே இறங்கிடும். மூளைக்குப் போற ரத்தம் குறையும், ஆள் சாய்ஞ்சிடுவார். அது வேற, பேய் பயம் வேற. அதனால முதலாவது ஒத்துக்காதவங்க ரெண்டாவதை நல்லா ரசிக்கலாம்.

3.
கதையின் பெயர் 'தி மங்கீஸ் பா', அதாவது குரங்கின் பாதம். 1902ல வெளிவந்தது. எழுதியவர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்கிற ஆங்கிலேயர். அந்தக் காலத்து வாசகர்களுக்கு இவர் நகைச்சுவைக் கதைகள் எழுதுறவராத்தான் தெரியும். கதையை முழுசா சொல்லப் போறேன். படிக்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, படிச்சிட்டு வாங்க. அரை மணி நேரம் போதும்.

4.
மழையும் காற்றுமா ஒரு இரவு. ஒதுக்குப்புறமான ஒரு வீடு. அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுறாங்க. அம்மா கணப்பு பக்கத்துல உட்கார்ந்து பின்னல் வேலை செய்றாங்க. இந்தியாவுல 21 வருஷம் இருந்துட்டு வந்த பழைய ராணுவக்காரர் ஒருத்தர் விருந்தாளியா வர்றார். அவர் பையில காய்ஞ்சு போன ஒரு குரங்குப் பாதம். ஒரு பக்கீர் மந்திரிச்சது. மூணு பேருக்கு, ஆளுக்கு மூணு வரம்.

முதல் ஆள் என்ன கேட்டார்? "முதல் ரெண்டும் தெரியாது. மூணாவதா சாவைக் கேட்டார்"ங்கிற மாதிரி சொல்லிட்டு அந்த விருந்தாளி நிறுத்திக்கிறார். தன்னோட மூணு வரம் என்னாச்சுன்னு சொல்லவே இல்ல. முகம் மட்டும் வெளுத்துப் போகுது. ரெண்டே தகவல்தான். மீதியை நிரப்புறது நம்ம வேலை. கதையோட வித்தையே இதுதான், கடைசி வரைக்கும்.

5.
பெரிய ஆசை எதுவும் அவங்களுக்கு இல்ல. வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு போதும்னு மகன் விளையாட்டாச் சொல்றான், அப்பா கேட்கிறார். அப்போ கையில பாதம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு அலறுறார். மத்த ரெண்டு பேரும் எதையும் பார்க்கல. பணமும் வரல. சிரிச்சிட்டுத் தூங்கப் போறாங்க.

6.
மறுநாள் காலையில மகன் வேலைக்குப் போயிடுறான். பிறகு நல்லா உடுத்தின ஒருத்தர் வாசல்ல தயங்கித் தயங்கி நிற்கிறார். மகன் வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து வந்தவர். மகனுக்கு அடிபட்டிருக்கான்னு அம்மா கேட்க, பலமான அடிதான், ஆனா இப்போ வலி எதுவும் இல்லைங்கிறார். அம்மா கையைக் கூப்பிக் கடவுளுக்கு நன்றி சொல்றாங்க. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அந்த வார்த்தையோட அர்த்தம் அவங்களுக்குப் புரியுது.

7.
இந்த இடத்துல ஒரு டாக்டரா எனக்கு எப்பவுமே மூச்சு நிக்கும். மரணச் செய்தி சொல்லும்போது சுத்தி வளைக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. "போயிட்டார்", "நம்ம கையில இல்ல", "இனிமே கஷ்டம் இல்ல" இதெல்லாம் வேண்டாம், "இறந்துட்டார்"னு தெளிவா சொல்லணும். ஏன்னா அப்படிப்பட்ட வார்த்தைகளை உறவினர்கள் நல்ல செய்தியா எடுத்துக்குவாங்க. சில நொடி நிம்மதி, அப்புறம் விழறது. ஐ.சி.யூ. வாசல்ல அந்த முக மாற்றத்தைப் பார்த்திருக்கேன். ஜேக்கப்ஸ் அதை அப்படியே எழுதியிருக்கார். பேய் இன்னும் வரவே இல்ல, நமக்கு வயிறு கலங்கிடுச்சு.

8.
மகன் இயந்திரத்துல சிக்கி இறந்துட்டான். கம்பெனி கொடுக்கிற நஷ்ட ஈடு 200 பவுண்டு. விபத்து நமக்குக் காட்டப்படல. ஒரு சொட்டு ரத்தம் கூட பக்கத்துல இல்ல. ரெண்டு மைல் தள்ளி இருக்கிற இடுகாட்டுல புதைச்சிட்டு வர்றாங்க.

9.
சில நாள் கழிச்சு, ஒரு ராத்திரி அம்மாவுக்கு ஞாபகம் வருது: இன்னும் ரெண்டு வரம் பாக்கி இருக்கே! மகனை உயிரோட கேளுங்கன்னு கணவரைப் பிடிச்சு உலுக்குறாங்க. அவர் தயங்குறார். செத்துப் பத்து நாள் ஆச்சு. அதுவும் போக, துணியை வெச்சுத்தான் அவனை அடையாளமே காட்ட முடிஞ்சதுன்னு அப்போதான் மனைவிகிட்ட சொல்றார்.

கதையில இருக்கிற மொத்தக் கோரமும் இந்த ஒரு தகவல்தான். ஜேக்கப்ஸ் இதை விபத்து நடந்த அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். வரம் கேட்கிறதுக்குச் சரியா ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஒளிச்சு வெச்சிருந்தார்.

10.
வரம் கேட்டாச்சு. ஒண்ணும் நடக்கல. மெழுகுவர்த்தி எரிஞ்சு அணையுது. படுக்கையில ரெண்டு பேரும் பேசாம கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. படி ஒண்ணு கிரீச்சுங்குது. எலி ஓடுது. விளக்கு எடுக்க அவர் கீழே இறங்குறார். கையிலிருந்த தீக்குச்சி அணையுற நொடியில, வாசக் கதவுல ஒரு தட்டல். காதுல விழுமா விழாதாங்கிற அளவுக்கு மெல்ல.

இவ்வளவு நேரம் ஏன் ஆச்சு? அம்மாவே பதில் சொல்றாங்க: இடுகாடு ரெண்டு மைல் தள்ளி இருக்கிறதை மறந்துட்டேனே! அப்படின்னா, நாம கடிகாரத்தைக் கேட்டுக்கிட்டு இருந்த அந்த நேரம் முழுக்க அது நடந்து வந்துக்கிட்டு இருந்திருக்கு.

11.
அம்மா கதவைத் திறக்க ஓடுறாங்க. அவங்களுக்கு வெளியே நிற்கிறது மகன். அப்பாவுக்கு அது வேற. அவர் உடலைப் பார்த்தவர். கீழ்த் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். மேல் தாழ்ப்பாள் எட்டல. நாற்காலியை இழுத்துப் போடுற சத்தம். மாடியில அவர் இருட்டுல தரையைத் தடவி அந்தப் பாதத்தைத் தேடிக்கிட்டு இருக்கார். கிடைக்குது. மூணாவது வரம் கேட்கிறார்.

தட்டல் நிக்குது. கதவு திறக்குது. தெருவிளக்கும், யாரும் இல்லாத ரோடும்.

12.
மூணாவது வரம் என்னன்னு கதையில எழுதவே இல்ல. வெளியே நின்னது எப்படி இருந்துச்சுன்னும் இல்ல. ஆனா படிச்ச ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு உருவம் இருக்கும். துணி, பத்து நாள், ரெண்டு மைல். இந்த மூணையும் வெச்சு அதைச் செஞ்சது நாமதான். யாராவது வரைஞ்சு காட்டியிருந்தா, பார்த்துட்டு, "அவ்வளவுதானா"ன்னு மூச்சு விட்டிருப்போம்.

13.
அதனால படிக்கப் போறவங்களுக்கு ரெண்டே குறிப்பு. ஒண்ணு, படமா பார்க்கிறதுக்கு முன்னாடி எழுத்தாப் படிங்க. கதவுக்கு வெளியே இருக்கிறதைக் காட்டிட்டா கதை முடிஞ்சது. ரெண்டு, சமீபத்துல வீட்டுல யாரையாவது இழந்திருந்தா இப்போ வேண்டாம், தள்ளி வைங்க. இதுல பேயை விடப் பெருசா இருக்கிறது, "ஒரே ஒரு தடவை திரும்பி வரட்டுமே"ங்கிற ஒரு அம்மாவோட ஆசை. அந்தக் கதவைத் திறக்கவிடாம செய்றவரும் அதே பிள்ளையைப் பெத்தவர்தான்.