காணாமல் போன 24 டிகிரி

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேபில் ஒரு மாணவர் ஒரு சின்ன டிசி மோட்டாரை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கணக்கு என்னவோ சுத்தமாக வந்திருந்தது. ஃபேஸ் மார்ஜின் கிட்டத்தட்ட 50 டிகிரி. 0.5 ரேடியன் திரும்பு என்று சொன்னால் மோட்டார் 0.6 வரை போய்விட்டு அடங்க வேண்டும். அதுவோ 0.78 வரை ஓடிப்போய், திரும்பி வந்து, மறுபடியும் ஓடியது. வைவாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

தப்பு எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் தப்பு கணக்கில் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அதே கணக்குதான்.

மோட்டாரின் மாடல் இது:

G(s) = 1 / ( s (0.5s + 1) )

அதாவது 1 வோல்ட் கொடுத்தால் கடைசியில் விநாடிக்கு 1 ரேடியன் வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தைப் பிடிப்பதற்கான டைம் கான்ஸ்டன்ட் அரை விநாடி. கம்ப்யூட்டர் 0.1 விநாடிக்கு ஒரு முறை நிலையைப் படித்து, ஒரு வோல்டேஜைக் கொடுத்து, அடுத்த முறை வரை அதையே பிடித்து வைத்திருக்கும். இதுதான் ஜீரோ ஆர்டர் ஹோல்டு. இரண்டையும் சேர்த்து இசட் டிரான்ஸ்ஃபார்ம் எடுத்தால் வருவது:

G(z) = 0.009365 (z + 0.9355) / ( (z − 1)(z − 0.8187) )

இதற்கு நேரடியாக போட் ப்ளாட் போட முடியுமா? கம்ப்யூட்டரில் போடலாம். ஆனால் கையால் கோடு இழுத்து டிசைன் செய்ய முடியாது. போட் 1930களில் பெல் லேப்ஸில் உருவாக்கிய வழியின் அழகே அந்த நேர்கோடுகள்தான். ஒரு போல் வந்தால் சரிவு 20 டெசிபல் கூடும், ஜீரோ வந்தால் 20 குறையும், முடிந்தது கதை. அதற்கு ஃபங்ஷன் jω-வின் பாலினாமியல்களாக இருக்க வேண்டும். இசட் தளத்தில் அதிர்வெண் வட்டத்தின் மேல் சுற்றுகிறது, z-க்குப் பதில் e^(jωT) வருகிறது. அங்கே நேர்கோடு கிடையாது.

எனவே ஒரு மாற்று:

z = (1 + wT/2) / (1 − wT/2)

இது வட்டத்தை நிமிர்த்தி மறுபடியும் ஒரு செங்குத்துக் கோடாக்கிவிடுகிறது. வட்டத்துக்குள் இருந்ததெல்லாம் இடது பக்கத்துக்கு வந்துவிடும். இதுதான் டபிள்யூ தளம். சில பழைய புத்தகங்களில் T/2 இல்லாத வடிவம் இருக்கும். அதை எடுத்தால் அதிர்வெண்ணின் அளவுகோலே மாறிப்போகும், ஜாக்கிரதை.

T = 0.1 போட்டு, பொறுமையாகச் சுருக்கினால்:

G(w) = (1 − w/20)(1 + w/600) / ( w (1 + 0.5017w) )

இதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். w சிறியதாக இருக்கும்போது இது 1/w. பழைய G(s)-உம் 1/s தான். 0.5 இருந்த இடத்தில் 0.5017. அடையாளம் தெரிகிற மாதிரி அதே மோட்டார். இதுவே கணக்கைச் சரிபார்க்கும் வழி. முன்னால் உள்ள கெயின் 1 வராமல் 0.9 அல்லது 1.1 என்று வந்தால், எங்கோ தசமத்தைச் சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 600-இல் உள்ள ஜீரோ வெகு தூரத்தில் இருக்கிறது, மறந்துவிடலாம்.

ஆனால் 20-இல் ஒரு புது ஆள் இருக்கிறார். (1 − w/20). வலது பக்கத்து ஜீரோ. மோட்டாரில் இது இல்லை, சாம்பிளிங் கொண்டுவந்தது. இடம் எப்போதும் 2/T. பிடித்து வைத்திருக்கும் வோல்டேஜ் சராசரியாக அரை சாம்பிள் பழசு அல்லவா, அந்தத் தாமதம்தான் இந்த உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. மேக்னிட்யூட் ப்ளாட்டில் இது சாதாரண ஜீரோ மாதிரியே நடந்துகொள்ளும், கோடு மேலே திரும்பும். சாதாரண ஜீரோ என்றால் ஃபேஸும் ஏறும். இது இறக்கும். "சரிவு 20 டெசிபல்தானே, ஃபேஸ் மைனஸ் 90 பக்கம்தான் இருக்கும்" என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். டபிள்யூ தளத்தில் ஃபேஸை எப்போதும் தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

சரி, டிசைனுக்கு வருவோம். தேவை இரண்டு. மோட்டார் ஒரே வேகத்தில் நகரும் இலக்கைத் துரத்தும்போது பிழை அந்த வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, எனவே கெயின் 5. இரண்டாவது, ஃபேஸ் மார்ஜின் 50 டிகிரி.

வெறும் கெயின் 5 மட்டும் வைத்தால் க்ராஸ்ஓவர் 2.88-இல் விழுகிறது. அங்கே மார்ஜின் 27 டிகிரி. சாம்பிளிங் இல்லாவிட்டால் 35 இருந்திருக்கும். மீதி 8 டிகிரியை அந்த 20-இல் இருக்கும் ஜீரோ சாப்பிட்டுவிட்டது.

லீட் காம்பன்சேட்டர் போட வேண்டும். புத்தக வழக்கப்படி அவர் 50-இல் 27 போக 23, பாதுகாப்புக்கு ஒரு 5, ஆக 28 டிகிரி சேர்த்தார். வந்தது 44.6 தான். ஏன்? லீட் போட்டதும் க்ராஸ்ஓவர் 3.88-க்கு நகர்ந்தது. அங்கே மோட்டாரின் போல் இன்னும் ஏழெட்டு டிகிரி கேட்டது, ஜீரோவும் தன் பங்குக்கு கிட்டத்தட்ட 3 கேட்டது. வழக்கமான 5 டிகிரி பத்தவில்லை. இரண்டாவது முறை 36 டிகிரி கொடுத்துப் பார்த்தார். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி:

D(w) = 5 (1 + w/2.2) / (1 + w/8.4)

க்ராஸ்ஓவர் 4.22, மார்ஜின் 49.6. போதும். டபிள்யூ தளத்தின் 4.22 என்பது உண்மையான அதிர்வெண்ணில் விநாடிக்கு 4.16 ரேடியன். இந்த அளவுக்கு வித்தியாசம் அற்பம். மேலே போகப் போகத்தான் விரியும். நிஜத்தில் 31.4-இல் முடிந்துவிடும் அதிர்வெண் அங்கே முடிவிலி வரை நீளும்.

திரும்பி இசட்டுக்கு வர w-க்குப் பதில் 20(z−1)/(z+1) போட்டால்:

D(z) = (14.923z − 11.965) / (z − 0.4085)

இங்கே தோராயம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அனலாக் கண்ட்ரோலரை வடிவமைத்துவிட்டுப் பிறகு டிஜிட்டலாக மாற்றினால், 4.2 பக்கம் 12 டிகிரி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இங்கே அந்த 12 டிகிரி ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. அதனால்தான் இதை நேரடி டிஜிட்டல் டிசைன் என்கிறார்கள்.

முதல் கணத்தில் பிழை 0.5 ரேடியன் என்றால் வோல்டேஜ் 7.46. டிரைவரின் எல்லை 12 வோல்ட், பிரச்சினை இல்லை. 1 ரேடியன் கேட்டிருந்தால் 14.9 வோல்ட் வேண்டியிருக்கும், டிரைவர் வெட்டிவிடும், கணக்கும் பொய்த்துவிடும். அதனால்தான் அவர் 0.5-ஐத் தேர்ந்தெடுத்தார். பேப்பரில் சாம்பிள் சாம்பிளாகப் போட்டுப் பார்த்தபோது ஓவர்ஷூட் 19 சதவீதம், 0.6-ஆவது விநாடியில்.

நிஜத்தில் 56 சதவீதம், 0.7-இல்.

முதலில் அவர் கெயினைச் சந்தேகப்பட்டார். குறைத்தார். ஆட்டம் குறைந்தது, ஆனால் மோட்டார் சோம்பேறியாகிவிட்டது. அடுத்து மோட்டாரின் டைம் கான்ஸ்டன்டை மறுபடியும் அளந்தார். 0.5 தான். ஒரு முழு மாலை போனது.

மறுநாள் சேமித்து வைத்த எண்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. கணக்குப்படி, கட்டளை கொடுத்து ஒரு சாம்பிள் கழித்து மோட்டார் 0.07 ரேடியன் நகர்ந்திருக்க வேண்டும். அதாவது 4 டிகிரி, கண்ணுக்கே தெரியும். லாகில் அந்த வரியில் இருந்தது பூஜ்யம். அடுத்த வரியில்தான் 0.07. எல்லாமே ஒரு வரி தள்ளி நடந்துகொண்டிருந்தது.

புரோகிராமைத் திறந்து பார்த்தால், நிலையைப் படித்து, கணக்கிட்டு, விடையை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்கிறது. அதை மோட்டாருக்கு அனுப்புவது அடுத்த டைமர் டிக்கின் ஆரம்பத்தில்! கணக்கிட ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. ஆனால் விடை 100 மில்லி செகண்ட் சும்மா காத்திருந்தது.

ஒரு முழு சாம்பிள் தாமதம் டபிள்யூ தளத்தில் எப்படி இருக்கும் என்று அவர் எழுதிப் பார்த்தார்:

(1 − w/20) / (1 + w/20)

மேக்னிட்யூட் எல்லா அதிர்வெண்ணிலும் சரியாக 1. எனவே க்ராஸ்ஓவர் அசையாது. ஃபேஸ் மட்டும் 4.22-இல் 23.8 டிகிரி போகிறது. 49.6-இல் அதைக் கழித்தால் மிச்சம் 25.8. கண்ட்ரோலரே போடாதபோது இருந்த 27-ஐ விடக் குறைவு! லீட் சேர்த்ததில் பெரும்பகுதியை அந்த ஒரு வரி கோடு விழுங்கியிருந்தது. தாமதத்தையும் சேர்த்து மறுபடியும் கணக்கிட்டபோது ஓவர்ஷூட் 56 சதவீதம், 0.7-இல். லேபில் பார்த்தது அதேதான்.

திருத்தம் இவ்வளவுதான்:

```
e = r - y;
u = 14.923*e + s;
write_dac(u);
s = 0.4085*u - 11.965*e;
```

புதுப் பிழை வந்ததும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், உடனே வெளியே. அடுத்த முறைக்குத் தேவையான பழைய பாகத்தை அனுப்பிய பிறகு நிதானமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மோட்டார் 0.6 பக்கம் போய் அடங்கியது.

சில இடங்களில் தாமதத்தைத் தவிர்க்கவே முடியாது. நிலையைக் கேமராவில் பார்த்துக் கணிப்பதென்றால் ஒரு சாம்பிள் போய்த்தான் தீரும். அப்போது மேலே உள்ள அந்தப் பின்னத்தை G(w)-உடன் பெருக்கிவிட்டு டிசைனை ஆரம்பிக்க வேண்டும், க்ராஸ்ஓவரையும் இறக்கிக்கொள்ள வேண்டும். லீட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது வழியல்ல. இந்த டிசைனிலேயே உச்ச அதிர்வெண்ணில் கெயின் 19 இருக்கிறது, சென்சாரின் சின்னச் சின்ன இரைச்சலும் 19 மடங்காகி மோட்டாருக்குப் போகும்.

அதே போல T-யை 0.4 ஆக்கினால் ஜீரோ 20-இலிருந்து 5-க்கு இறங்கி வந்துவிடும். 4.2-இல் க்ராஸ்ஓவர் வேண்டுமென்றால் அது மட்டும் 40 டிகிரி கேட்கும். அதற்கு மேல் எந்த லீட் போட்டும் நிம்மதி இல்லை. 2/T எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு வேகம் வேண்டும் என்று ஆசைப்பட வேண்டும்.

வைவாவில் அவரிடம் டபிள்யூ தளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லையாம். லாகில் முதல் வரி ஏன் பூஜ்யம் என்றுதான் கேட்டார்களாம். பழைய பிரிண்ட் அவுட்டை ரெக்கார்டிலிருந்து எடுக்க மறந்திருந்தார்.